பத்தாவது வாரப் பள்ளம்

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 17 கிராம் இருக்கும். நல்ல உடல்வாகுள்ள ஆண்களிடம்கூட இந்த அளவைப் பார்ப்பது அரிது. அதே குழந்தையை எட்டாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் சோதித்தால் 11, 10 என்று வரும். சிலருக்கு ஒன்பதரை வரைகூட இறங்கியிருக்கும். தாய்ப்பால் போதவில்லை என்பதல்ல காரணம். கிருமித் தொற்றும் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. உலகில் எங்கு பிறந்தாலும், எந்தக் குழந்தையானாலும் இந்தச் சரிவைக் கடந்தே வருகிறது. மருத்துவம் இதற்கு ‘சிசுப்பருவத்தின் இயல்பான ரத்தசோகை’ என்று பெயர் வைத்திருக்கிறது. சோகை என்றும் சொல்லிவிட்டு இயல்பு என்றும் சொல்லும் இந்தப் பெயர் சற்று வினோதமானதுதான். ஆனால் நடப்பது அதுவே.

ஹீமோகுளோபின் 17 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 17 கிராம் இருக்கிறது என்று பொருள். உடலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. ரத்தம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கைக்குழந்தையிடமும் கர்ப்பிணியிடமும் எழும் குழப்பங்களில் பாதி, இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

பிறக்கும்போது அளவு ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கு விடை கருவறையில் இருக்கிறது. சிசு மூச்சு விடுவதில்லை. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்தே பிராணவாயுவைப் பெறுகிறது. அப்படி வந்து சேரும் ரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 30 மி.மீ. மட்டுமே. தாயின் தமனியில் அது கிட்டத்தட்ட 100. 2007இல் எவரெஸ்ட் ஏறிய ஒரு மருத்துவக் குழு, 8,400 மீட்டர் உயரத்தில் தங்கள் நால்வரின் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அளந்தபோது சராசரி 25 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்தது. சிகரத்தின் பக்கத்தில் ஏற்படும் அந்தத் தட்டுப்பாட்டுக்கு மிக அருகில்தான் கருவிலிருக்கும் சிசு மாதக்கணக்கில் வளர்கிறது.

அதைச் சமாளிக்கச் சிசுவின் உடல் இரண்டு வழிகளைக் கையாள்கிறது. ஒன்று, சிவப்பணுக்களை ஏராளமாக உற்பத்தி செய்வது. எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன்தான் எலும்பு மஜ்ஜையை இந்த வேலைக்கு விரட்டுகிறது. பெரியவர்களின் உடலில் அதைச் சிறுநீரகம் சுரக்கிறது, சிசுவுக்குப் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கிறது. மற்றொன்று, சிசுவுக்கென்றே அமைந்த தனிவகை ஹீமோகுளோபின். கரு ஹீமோகுளோபின் என்று அழைக்கப்படும் இது, பெரியவர்களின் ஹீமோகுளோபினைவிடப் பிராணவாயுவை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தாயின் ரத்தம் விடுவதைச் சிசுவின் ரத்தம் பற்றிக்கொள்வது இந்தப் பிடியால்தான். பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடு இந்த வகையே.

பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நிலைமை தலைகீழாகிறது. நுரையீரல் விரிந்து, சில நிமிடங்களில் ரத்தம் 90 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயுவால் நிரம்பிவிடுகிறது. மலையுச்சியில் வாழ்வதற்குச் சேர்த்த சுமையோடு சமவெளிக்கு வந்து சேர்ந்தது போன்ற நிலை. தேவைக்கு மேல் பிராணவாயு கிடைக்கவே எரித்ரோபாய்ட்டின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. மஜ்ஜை ஓய்வெடுக்கிறது. இதை ரத்தத்திலேயே பார்க்கலாம். புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணுக்களுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர்; பிறந்த அன்று சிவப்பணுக்களில் 3 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும் இவை, ஒரு வாரத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும்.

உற்பத்தி நின்றாலும் அழிவு நிற்பதில்லை. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். கருவில் அவசரமாக உருவான அணுக்களுக்கு ஆயுள் 60 முதல் 90 நாள்தான். கூடவே குழந்தை வளர்கிறது. உடல் எடைக்கு ஏற்ப ரத்தத்தின் அளவும் பெருகுகிறது. பொதுவான விளக்கங்களில் இந்த மூன்றாவது காரணத்தை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையில் இதுதான் பெரியது.

3 கிலோ எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பச்சிளம் குழந்தைக்குக் கிலோவுக்கு 85 மில்லி ரத்தம் என்ற கணக்கில் அதன் உடலில் 255 மில்லி ரத்தம் இருக்கும், அரைப்படியைவிடவும் குறைவு. ஹீமோகுளோபின் 17 என்றால் மொத்தம் சுமார் 43 கிராம். பத்து வாரத்தில் குழந்தை 5 கிலோ ஆகிறது. அப்போது கிலோவுக்கு 75 மில்லி என்று கொண்டால் 375 மில்லி ரத்தம். சோதனையில் வந்த எண் 10.4 என்றால் மொத்தம் 39 கிராம். அடர்த்தி 17இலிருந்து 10.4க்கு, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் உடலில் உள்ள மொத்த ஹீமோகுளோபினில் குறைந்தது பத்தில் ஒரு பங்குதான். சரிவில் பெரும்பகுதி, இருந்ததை அதிக ரத்தத்தில் பரப்பியதால் வந்தது. பாத்திரம் பெரிதாயிற்று; உள்ளே இருந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அளவு இவ்வளவு இறங்கியும் குழந்தை சோர்ந்துபோகாததற்கு வேறொரு மாற்றமும் துணை செய்கிறது. பழைய அணுக்கள் அழிய அழிய, அவற்றில் இருந்த இறுக்கமான கரு ஹீமோகுளோபினும் போகிறது. புதிதாகப் பிறக்கும் அணுக்களில் பெரியவர்களின் ஹீமோகுளோபினே மிகுதி. அது திசுக்களுக்குப் பிராணவாயுவைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். எனவே எண் குறைந்தபோதும் திசுக்களுக்குப் போய்ச் சேரும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒரு கட்டத்தில் மட்டும் வரவு தேவையைத் தொட்டுவிடுகிறது. தட்டுப்பாட்டைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பத்தாவது வாரத்தை ஒட்டிக் குழந்தையின் சிறுநீரகத்தில் விழித்துக்கொள்வது அந்த ஏற்பாடுதான். எரித்ரோபாய்ட்டின் மீண்டும் சுரக்கிறது, ரெட்டிகுலோசைட் கூடுகிறது, சில வாரங்களில் எண்ணும் ஏறத் தொடங்குகிறது.

இந்தப் பள்ளத்தை இரும்பு டானிக் கொடுத்துத் தூர்க்க முடியாது. காரணம் எளிது: இங்கே இரும்புக்குப் பஞ்சமே இல்லை. அழிந்த சிவப்பணுக்களின் இரும்பு வெளியே போவதில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேமிப்பாகத் தங்குகிறது. மஜ்ஜை மறுபடி வேலையைத் தொடங்கும்போது முதலில் எடுப்பது அந்தச் சேமிப்பைத்தான். மஜ்ஜைக்கு உத்தரவு வராத காலத்தில் சரக்கைக் கொண்டுவந்து குவித்துப் பயனில்லை.

குழப்பம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தாளில் தொடங்குகிறது. 10ஆம் வாரத் தடுப்பூசிக்கு வந்த குழந்தைக்குச் சளி என்று ரத்தம் எடுத்திருப்பார்கள். தாளில் ஹீமோகுளோபின் 10.2 என்றும், அதற்குப் பக்கத்தில் இயல்பு அளவு 12 முதல் 15 என்றும் அச்சாகியிருக்கும். எண்ணுக்கு அருகில் கீழ்நோக்கிய அம்புக்குறி வேறு. அந்த 12 முதல் 15 வளர்ந்த பெண்ணுக்கான அளவு. இரண்டரை மாதக் குழந்தைக்கு 9 முதல் 13 வரை இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் ரத்தசோகை எல்லைகளே ஆறாம் மாதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணுக்குள் அடக்க முடியாது. பிறந்த சில நாட்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம், நரம்பிலிருந்து எடுத்ததைவிட இரண்டு மூன்று கிராம் கூடுதலாகக் காட்டும். முதல் சோதனை குதிகாலிலும் அடுத்தது நரம்பிலும் எடுக்கப்பட்டால், நடக்காத ஒரு சரிவு தாளில் நடந்திருக்கும்.

எல்லாச் சரிவும் இயல்பானது என்று இதற்குப் பொருள் இல்லை. இயல்பானது எது, நோய் எது என்று பிரித்தறிய மருத்துவர்கள் முதலில் காலத்தைப் பார்க்கிறார்கள். நிறைமாதக் குழந்தைக்கு முதல் மூன்று நான்கு வாரங்களிலேயே அளவு வெகுவாக விழுந்தால் அது இந்தப் பள்ளம் அல்ல. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனாலும் அல்ல. 9க்குக் கீழே போனால் காரணம் தேடியே ஆக வேண்டும். அடுத்துக் குழந்தையைப் பார்க்கிறார்கள். இயல்பான சரிவில் இருக்கும் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், முகம் பார்த்துச் சிரிக்கும். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி வியர்ப்பது, எடை ஏறாமல் நிற்பது, இதயம் வேகமாகத் துடிப்பது, உள்ளங்கையும் உதடும் வெளுத்திருப்பது, மஞ்சள் காமாலை நீடிப்பது, மண்ணீரல் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு.

மூன்றாவது சாட்சி ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. அளவு குறைந்து இந்த எண்ணிக்கை மிகுந்திருந்தால், மஜ்ஜை உழைக்கிறது, அணுக்கள் எங்கோ அழிகின்றன அல்லது கசிகின்றன என்று பொருள். தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒவ்வாதபோது இப்படி ஆகும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் குழந்தையின் அணுக்களை உடைத்துக்கொண்டிருக்கும். மாறாக, 9க்கும் கீழே போன பிறகும் இளம் அணுக்களைக் காணோம் என்றால் மஜ்ஜையிலேயே கோளாறு இருக்கலாம். இன்னொரு தடயமும் பயன்படும். கைக்குழந்தையின் சிவப்பணு பெரியவர்களுடையதைவிடப் பருமனானது. இரண்டு மாதத்தில் அணுக்கள் சிறுத்திருந்தால் அது இயல்பான ரத்தசோகை அல்ல. ஆல்ஃபா தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் இருக்கலாம். பீட்டா தலசீமியா இந்த வயதில் பிடிபடாமல் போகலாம். கரு ஹீமோகுளோபின் இருக்கும்வரை அந்தக் குறை மறைந்திருக்கும். அது விலகிய பிறகு, பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கு மேல்தான் வெளுப்பும் சோர்வும் தெரியவரும்.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பள்ளம் சீக்கிரமாகவும் ஆழமாகவும் வருகிறது. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் 7 முதல் 9 வரை இறங்கும். அவர்களுடைய சிவப்பணுவின் ஆயுள் இன்னும் குறைவு. வளர்ச்சி வேகமோ அதிகம். எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கும் பொறுப்பு இன்னும் கல்லீரலிடமே இருக்கிறது; தட்டுப்பாட்டுக்குச் சிறுநீரகத்தைப் போல அது விரைந்து அசைவதில்லை. இதோடு மருத்துவமனையே ஒரு காரணத்தைச் சேர்க்கிறது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையிடம் மொத்தமே 90 மில்லி அளவு ரத்தம்தான். சோதனைக்கு என்று தினம் ஒரு மில்லி எடுத்தால் ஒரு மாதத்தில் அதன் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குழாய்களுக்குள் போயிருக்கும். எனவே இந்தக் குழந்தைகளிடம் மிகச் சிறிய மாதிரிகளையே எடுக்க முயல்கிறார்கள். சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியும் வரும். அப்படி ஏற்றுவது பெரியவர்களின் ரத்தம் என்பதால் திசுக்களுக்குப் பிராணவாயு தாராளமாகக் கிடைத்து, எரித்ரோபாய்ட்டின் மேலும் சற்றுக் காலம் உறங்கிப்போகும். ஆகவே எண் குறைந்ததற்காக மட்டும் ஏற்றாமல், குழந்தையின் நிலையையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இரும்புச் சேமிப்பு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் நிரம்புகிறது. அதை இழந்து பிறந்தவர்களுக்குச் சில வாரங்களிலேயே இரும்புச் சொட்டு மருந்து தேவைப்படும்.

நிறைமாதக் குழந்தைக்கு அந்தத் தேவை பிறகு வருகிறது. முன்பு பார்த்த குழந்தை ஒரு வயதில் ஒன்பதரை கிலோ ஆகும். ரத்தம் 700 மில்லியைத் தாண்டும். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டுமானால் மொத்தம் 85 கிராம் வேண்டும், பிறந்தபோது இருந்ததைப் போல இரு மடங்கு. ஒவ்வொரு கிராமுக்கும் 3.4 மி.கி. இரும்பு தேவை. சேமிப்பு நாலு முதல் ஆறு மாதம்வரை தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு எளிதில் உறிஞ்சப்பட்டாலும் அளவு மிகக் குறைவு. மீதி உணவிலிருந்து வர வேண்டும். தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் ரத்தம் இந்தக் கெடுவைச் சில மாதம் தள்ளிப்போடும். இந்தியாவில் 2018இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலும் குழந்தைகளுக்கான இரும்பு சிரப் ஆறாம் மாதத்திலிருந்தே வாரம் இரு முறை தரப்படுகிறது. மூன்றாம் மாதத்துக் குறைவும் பத்தாம் மாதத்துக் குறைவும் தாளில் ஒரே எண்ணாக இருக்கலாம். முன்னதற்குக் காத்திருப்பதே வைத்தியம். பின்னதற்கு இரும்பு வேண்டும்.

அதன் பிறகு ஏற்றம் மெதுவானது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த எல்லைகளில் இந்தப் படிகளைக் காணலாம்: ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் 10.5, ஐந்து வயதுவரை 11, பன்னிரண்டு வயதை எட்டும்வரை 11.5. இவற்றுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. இதுவரை ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

பருவமெய்தும் வயதில் இருவரின் பாதையும் பிரிகிறது. பையன்களிடம் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் எரித்ரோபாய்ட்டினைத் தூண்டுகிறது. குடல் இரும்பை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினைத் தணிக்கிறது. அதனால் அவர்களின் அளவு ஏறிக்கொண்டே போய் 15ஐ ஒட்டி நிற்கிறது. பெண்களின் அளவு 13, 13.5 என்று நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு மாதவிடாய் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். மாதம் 40 மில்லி ரத்தம் போனால் சுமார் 18 மி.கி. இரும்பும் அதோடு போகிறது என்பது உண்மைதான். ஆனால் இரும்பு நிறைந்திருக்கும் பெண்களிடமும் ஆண்களின் அளவு வருவதில்லை. மறுபுறம், புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்து எடுக்கும் ஆண்களுக்குச் சில மாதங்களில் ஒன்றிரண்டு கிராம் இறங்கிவிடுகிறது. ஹார்மோனின் பங்கு அதிலேயே தெரிகிறது. எனவே எல்லை ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12. பெண்ணுக்கு 12.2 இருந்தால் எல்லைக்குள் இருக்கிறது என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் இரும்புச் சேமிப்பு காலியான பிறகே ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும் என்பதால், களைப்பு இருந்தால் ஃபெரிட்டின் சோதனை செய்து பார்ப்பது நல்லது. முதுமையில் ஆண்களின் அளவு சற்று இறங்கிப் பெண்களின் அளவை நெருங்கும். ஆனாலும் வயதானவரின் ரத்தசோகையை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. குடலில் ரத்தக் கசிவோ சிறுநீரகக் கோளாறோ பின்னால் இருக்கக்கூடும்.

கைக்குழந்தையிடம் பார்த்த அதே கணக்கு கர்ப்பத்தில் மறுபடி வருகிறது. கர்ப்பத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு 4 லிட்டர் ரத்தம், ஹீமோகுளோபின் 12.5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 500 கிராம். கருத்தரித்த ஆறேழு வாரத்திலிருந்தே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்கி, 32ஆம் வாரத்தை ஒட்டி 45 விழுக்காடு வரை உயரும். சிவப்பணுக்களும் பெருகும், ஆனால் 20 விழுக்காடு அளவில்தான். இப்போது ரத்தம் கிட்டத்தட்ட 5.4 லிட்டர், எண் 11.1. தாளில் ஒன்றரை கிராம் குறைந்த அதே பெண்ணின் உடலில் மொத்த ஹீமோகுளோபின் 600 கிராமாகக் கூடியிருக்கிறது. நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களில் எளிதாக ஓடும். பிரசவத்தில் இழக்கும் ஒவ்வொரு மில்லியிலும் அணுக்கள் குறைவாகவே போகும். ரத்தசோகைக்கான எல்லை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 என்றும், நீர்ப்பு வேகமாகக் கூடும் நடு மூன்று மாதத்தில் 10.5 என்றும் வகுத்திருப்பது இதனால்தான். எட்டாம் மாதத்திலும் ஹீமோகுளோபின் 14இல் நின்றால் அது பெருமைப்படும் விஷயம் அல்ல. பிளாஸ்மா பெருகவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் கவனிக்க வேண்டிவரும்.

கூடுதலான அந்த 100 கிராமுக்கே 340 மி.கி. இரும்பு தேவை. சேய்க்கும் நஞ்சுக்கும் சுமார் 300 மி.கி. போகிறது. அன்றாட இழப்பையும் சேர்த்தால் ஒரு கர்ப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து மட்டும் அதை ஈடுகட்டுவது அரிது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் தரப்படும் சத்து மாத்திரை இதற்காகத்தான். ஒவ்வொன்றிலும் 60 மி.கி. இரும்பு இருந்தாலும் குடல் அதில் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். கர்ப்பம் என்றால் குறையத்தான் செய்யும் என்று 9.5ஐ விட்டுவிடக் கூடாது. நீர்ப்பினால் மட்டும் அளவு அவ்வளவு இறங்காது. தாயின் இரும்பு வற்றியிருந்தாலும் குழந்தை பெரும்பாலும் நல்ல ஹீமோகுளோபினோடே பிறக்கும். குறைவது அதன் கல்லீரலில் சேர்ந்திருக்க வேண்டிய சேமிப்பு. அந்தக் குறை ஆறாம் மாதத்துக்கு முன்பே தலைகாட்டும்.

பிரசவம் முடிந்த சில நாட்களில் கூடுதல் பிளாஸ்மா சிறுநீராக வெளியேறத் தொடங்குகிறது. ரத்தப்போக்கு மிகாமல், இரும்பும் இருந்தால், ஆறு வாரத்தில் தாயின் எண் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். அந்த ஆறாவது வாரத்தில், அவள் மடியில் இருக்கும் குழந்தையின் எண் தன் பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்.